அறுபது வினாடிக்குள் ஒரே ஒரு செய்தி

1984ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள தம்பா நகரில் அமெரிக்கக் காற்பந்தின் இறுதியாட்டம் நடந்து கொண்டிருந்தது. 'சூப்பர் பௌல்' என்று அழைக்கப்படும் அந்த ஆட்டத்தை ஏழு கோடிக்கும் அதிகமான மக்கள் வீட்டில் அமர்ந்து பார்த்துக் கொண்டிருந்தார்கள். ரெய்டர்ஸ் குழு முன்னிலை வகித்தது. ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் விளம்பர இடைவேளை வந்தது. அப்போது திரையில் தோன்றியது ஒரு குழாய்ப் பாதை. அதற்குள் மொட்டைத் தலையும் சாம்பல் நிற உடையுமாக மனிதர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன விற்கிறார்கள் என்பதே கடைசிச் சில வினாடிகள் வரை யாருக்கும் புரியவில்லை.

அது ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிக்கான விளம்பரம். அந்த அறுபது வினாடியில் கணினி ஒரு முறைகூடக் காட்டப்படவில்லை. விலை சொல்லப்படவில்லை. அது என்ன வேலை செய்யும் என்பதும் சொல்லப்படவில்லை. ஆனாலும் அன்றிரவே அமெரிக்காவின் மூன்று பெரிய தொலைக்காட்சி நிலையங்களும் ஐம்பது உள்ளூர் நிலையங்களும் அதைச் செய்தியாகக் காட்டின. காசு கொடுத்து ஒளிபரப்பிய விளம்பரம், காசில்லாமல் செய்தி நேரத்தில் ஓடியது.

விளம்பரத்தைப் பற்றிப் பேசும்போது நடிகர், இசை, செலவு என்றுதான் பேச்சு போகும். அவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாளில் எழுதப்பட்ட பிரதி இருக்கிறது. அந்தத் தாளில் மூன்று விஷயங்கள் தீர்மானமாக வேண்டும். சொல்லப்போகும் செய்தி எது, பார்ப்பவர் மனத்தில் எந்த உணர்வு எழ வேண்டும், கடைசி வாசகம் என்ன. 1984 விளம்பரத்தின் கதையைப் பின்தொடர்ந்தால் இந்த மூன்றும் எப்படி ஒன்றோடொன்று கட்டப்படுகின்றன என்பது விளங்கும். அப்படிக் கட்டியதை அதன் சொந்தக்காரர்களே தூக்கி எறியப் பார்த்த கதையும் அதற்குள் இருக்கிறது.

கடைசி வரிதான் முதலில் பிறந்தது

லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 'ஷயாட் டே' என்ற விளம்பர நிறுவனம் இருந்தது. ஆப்பிளின் விளம்பரங்களை அவர்கள்தான் செய்து வந்தார்கள். 1982ஆம் ஆண்டிலேயே அவர்களுடைய சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு வரி எழுதப்பட்டது. 1984ஆம் ஆண்டு ஏன் '1984'ஐப் போல இருக்காது என்பதே அந்த வரி. ஆப்பிளின் வேறொரு கணினிக்குப் பத்திரிகை விளம்பரமாக அது எண்ணப்பட்டது, அச்சேறவில்லை. வேறு வாடிக்கையாளர்களிடமும் கொண்டு போய்ப் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை. வரி அலமாரியில் கிடந்தது.

அந்த வரியின் சூட்சுமம் ஒரு நாவலில் இருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட நாவலின் பெயர் 1984. (ஆர்வெல் பீகாரில் மோதிஹாரி என்னும் ஊரில் பிறந்தவர், பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்தவர். நம் வட்டாரத்துக்கு முற்றிலும் அந்நியர் அல்லர்.) மக்கள் என்ன பேசுகிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்பதை எல்லாம் திரை வழியாகக் கண்காணிக்கும் ஓர் அரசைப் பற்றிய கதை அது. அந்த அரசின் முகம் 'பிக் பிரதர்', அதாவது பெரியண்ணன். மேற்கு நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிந்த பெயர். அந்த ஆண்டு நெருங்க நெருங்க, ஆர்வெல் சொன்னது பலிக்குமா என்ற பேச்சு பத்திரிகைகளில் அடிபட்டது.

1983இல் ஆப்பிளுக்கு ஒரு விளம்பரம் அவசரமாகத் தேவைப்பட்டது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் சொந்தக் கணினியைச் சந்தையில் இறக்கியிருந்தது. இரண்டே ஆண்டில் அது ஆப்பிளை முந்திக்கொண்டது. 1983 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட 'லிசா' கணினியின் விலை ஏறக்குறைய பத்தாயிரம் டாலர், அது விலைபோகவில்லை. மிச்சமிருந்த நம்பிக்கை மெக்கின்டாஷ் ஒன்றுதான். அதை ஊரே நின்று பார்க்கும்படி ஒன்று வேண்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கேட்டார். ஷயாட் டேயின் படைப்பு இயக்குநர் லீ கிளௌ, எழுத்தாளர் ஸ்டீவ் ஹேடன், கலை இயக்குநர் பிரென்ட் தாமஸ் ஆகியோர் அலமாரியில் கிடந்த வரியை எடுத்துத் தூசி தட்டினார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய வேலை முறை இருக்கிறது. பெரும்பாலான விளம்பரங்களில் காட்சியை யோசித்துவிட்டு, கடைசியில் ஒட்டுவதற்கு ஒரு வாசகம் தேடுவார்கள். அதனால்தான் எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வாசகங்கள் வருகின்றன. பிஸ்கட்டுக்கு எழுதியதைக் காப்புறுதிக்கும் போடலாம். இவர்களோ வாசகத்தை முதலில் வைத்துக்கொண்டு, அது சொல்லப்படுவதற்கு முன்னால் பார்ப்பவர் எதைக் கண்டிருக்க வேண்டும் என்று பின்னோக்கி எழுதினார்கள். அந்த வரி விளங்க வேண்டுமானால் ஆர்வெல் வருணித்த உலகம் திரையில் தெரிய வேண்டும். அது உடைபடவும் வேண்டும். காட்சி தானாகவே பிறந்துவிட்டது.

தாளில் இருந்தது என்ன?

தொலைக்காட்சி விளம்பரப் பிரதி வழக்கமாக இரண்டு பத்தியாக எழுதப்படும். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது. வலப்பக்கம் காதில் விழுவது. இரண்டும் ஒரே வரிசையில் ஓட வேண்டும். திரைப்படச் சுருளில் வினாடிக்கு 24 படம் என்பதால் அறுபது வினாடிக்கு 1,440 படங்கள்தான். அதில் ஒன்றுகூடக் கடன் வாங்க முடியாது. பேச்சு என்று எடுத்துக்கொண்டால், தமிழில் நிதானமாக வாசிக்கும் அறிவிப்பாளர் ஒருவர் அறுபது வினாடியில் நூறு சொற்களுக்குச் சற்று முன்பின்னாகத்தான் சொல்ல முடியும். அத்தனையையும் பேச்சுக்கே கொடுத்துவிட்டால் காட்சி மூச்சு விட இடமிருக்காது.

ஒளிபரப்பான படத்தைப் பார்த்து அதன் பிரதியைத் தமிழில் திரும்ப எழுதினால் ஏறக்குறைய இப்படி அமையும்.

சொல்ல வேண்டிய ஒரே செய்தி: எல்லாரையும் ஒன்றுபோல ஆக்கும் கணினி உலகத்தை மெக்கின்டாஷ் உடைக்கப் போகிறது.

மனநிலை: ஒளி மங்கிய நீலச் சாம்பல் நிறம். காற்றே இல்லாதது போன்ற இறுக்கம். யாருடைய முகத்திலும் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை; பழகிப்போன மரத்த தன்மை மட்டுமே. இதற்குள் வண்ணம் உள்ள ஒரே உயிர் ஓடி வரும் ஒரு பெண். அவள் நுழையும்போது பயமும் எதிர்பார்ப்பும் சேர்ந்தே எழ வேண்டும். முடிவில் அடைத்துக் கிடந்த அறையின் சன்னலைத் திறந்தது போன்ற உணர்வு.

காட்சி: குழாய்ப் பாதையில் மொட்டைத் தலை மனிதர்கள் காலெடுத்து வைத்து நடக்கிறார்கள். பாதையோரத் திரைகளில் ஒரு முகம் பேசிக்கொண்டே இருக்கிறது. நடுநடுவே மின்னல் போல ஒரு கணம் அந்தப் பெண். சிவந்த காற்சட்டை, வெள்ளை மேற்சட்டை, கையில் நீண்ட பிடி கொண்ட சம்மட்டி. அவளைத் தலைக்கவசம் அணிந்த காவலர்கள் துரத்துகிறார்கள். நடந்து வந்தவர்கள் ஒரு பெரிய கூடத்தில் அமர்கிறார்கள். அங்கே சுவரை நிறைத்த திரையில் அதே முகம். பெண் கூடத்துக்குள் ஓடி வந்து, நின்று, சுழன்று, சம்மட்டியை வீசுகிறாள். நாற்பதாவது வினாடியைத் தாண்டிய பிறகு திரை வெடிக்கிறது. வெண்ணொளியும் காற்றும் அமர்ந்திருந்தவர்கள் முகத்தில் அறைகின்றன. அவர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள்.

ஒலி: தொடக்கம் முதல் திரையில் உள்ளவரின் பேச்சு. தகவல் தூய்மையாக்கல் ஆணைகளின் முதலாண்டு நிறைவைக் கொண்டாடுகிறோம், நாம் ஒரே மக்கள், ஒரே எண்ணம் என்ற போக்கில் அது போகிறது. நாமே வெல்வோம் என்று அவர் முடிக்கும் கணத்தில் சம்மட்டி திரையைத் தொடுகிறது.

முடிவு வாசகம்: ஜனவரி 24ஆம் தேதி ஆப்பிள் கம்ப்யூட்டர் மெக்கின்டாஷை அறிமுகப்படுத்தும், 1984ஆம் ஆண்டு ஏன் '1984'ஐப் போல இருக்காது என்பதை அப்போது காண்பீர்கள்.

அறிவிப்பாளர் பேசுவது அவ்வளவுதான். பிறகு வண்ணக் கோடு போட்ட ஆப்பிள் சின்னம். படம் முடிந்தது.

மனநிலைக் குறிப்பைச் சிலர் அலங்கார எழுத்து என்று நினைப்பதுண்டு. உண்மையில் அது இயக்குநர், ஒளிப்பதிவாளர், உடை தைப்பவர், ஒலிப்பதிவாளர் ஆகிய எல்லாருக்கும் போகும் வேலைக் கட்டளை. 'சோகமான சூழல்' என்று எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சோகத்தைக் கொண்டு வருவார்கள். 'வண்ணம் உள்ள ஒரே உயிர் அந்தப் பெண்' என்று எழுதினால், உடை தைப்பவருக்குச் சாம்பல் துணி எவ்வளவு, சிவப்புத் துணி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அந்த விளம்பரத்தில் பேச்சு சொல்லாத செய்தியை நிறம் சொல்லியது. அவள் மேற்சட்டையில் கோட்டோவியமாக ஒரு மெக்கின்டாஷ் வரையப்பட்டிருந்தது. கூர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். பொருள் திரையில் இருந்தது என்றால் அந்தக் கோடுகளாகத்தான் இருந்தது.

முடிவு வாசகத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆண்டும் 1984, நாவலும் 1984. காதால் கேட்டால் இரண்டும் ஒன்றே. 1984 எப்படி 1984 போல இல்லாமல் இருக்கும் என்று குழப்பம்தான் வரும். எழுத்தில் பார்த்தால் நாவலின் பெயருக்கு மேற்கோள் குறி இருக்கிறது. ஆகவே அறிவிப்பாளர் வாசிக்கும்போதே எழுத்து திரையில் நகர்ந்தது. காதுக்குப் புதிர், கண்ணுக்கு விடை. வானொலிக்கு அந்த விளம்பரத்தை அப்படியே எடுத்துப் போயிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

படமான விதம்

இயக்குநராக ரிட்லி ஸ்காட் வந்தார். 'ஏலியன்', 'பிளேட் ரன்னர்' ஆகிய படங்களை எடுத்து முடித்திருந்த நேரம். இருண்ட எதிர்கால உலகத்தைத் திரையில் கட்டுவதில் அவருக்கு நிகரானவர் அப்போது குறைவு. 1983 செப்டம்பரில் லண்டன் அருகே ஷெப்பர்ட்டன் படப்பிடிப்புத் தளத்தில் வேலை நடந்தது. மொட்டைத் தலை மனிதர்களுக்காக லண்டன் தெருக்களில் உண்மையிலேயே தலையை மழித்துத் திரிந்த இளைஞர்களைப் பிடித்து வந்தார்கள்.

ஓடி வரும் பெண்ணைத் தேடுவதில்தான் சிக்கல் எழுந்தது. விளம்பர அழகிகள் வந்தார்கள். சம்மட்டியைக் கையில் எடுத்துச் சுழன்றால் தலை சுற்றியது. வீசினால் குறி தவறியது. கடைசியில் கிடைத்தவர் அன்யா மேஜர். அவர் வட்டெறியும் வீராங்கனை. சுழன்று வீசுவது அவருக்குக் கைவந்த பழக்கம். பிரதியில் 'பெண் சம்மட்டியை வீசுகிறாள்' என்று ஒரு வரி எழுதுவது எளிது. அந்த ஒரு வரி உண்மையாகத் தெரியவில்லை என்றால் அறுபது வினாடியும் கேலிக்கூத்தாகிவிடும்.

முதலில் எழுதப்பட்ட பிரதியில் திரையில் உள்ள முகத்துக்குப் பேச்சு இல்லை. ரிட்லி ஸ்காட்தான் அவர் ஏதாவது பேச வேண்டும் என்றார். ஹேடன் உட்கார்ந்து ஒரு சொற்பொழிவு எழுதினார். நடிகர் டேவிட் கிரஹாம் அதைப் பேசினார். அந்தச் சொற்பொழிவைத் தனியே படித்தால் பெரிய வார்த்தைகளாக இருக்கும், பொருள் பிடிபடாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது. பார்ப்பவர் அந்தப் பேச்சின் பொருளைப் பின்தொடரத் தொடங்கினால் பெண்ணைக் கவனிக்க மாட்டார். பேச்சு ஓர் இரைச்சலாக, அடக்குமுறையின் ஓசையாக மட்டும் விழ வேண்டும். பேச்சைச் சேர்த்த பிறகும் செய்தி ஒன்றாகவே நின்றது. இரண்டாவது செய்தி ஒன்று உள்ளே நுழையாமல் காத்ததுதான் அந்த எழுத்தாளரின் சாமர்த்தியம்.

முதலாளிகளின் தீர்ப்பு

1983 அக்டோபரில் ஹொனலூலுவில் ஆப்பிளின் விற்பனையாளர் மாநாடு நடந்தது. ஜாப்ஸ் மேடையேறி, ஐ.பி.எம். ஒவ்வொரு கட்டத்திலும் எதை எதைத் தவறவிட்டது என்ற கதையைச் சொல்லி, கணினித் துறை முழுவதும் அவர்கள் கைக்கே போக விடலாமா, ஆர்வெல் சொன்னது சரிதானா என்று கேட்டுவிட்டுப் படத்தைப் போட்டார். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது.

டிசம்பரில் அதே படம் ஆப்பிளின் இயக்குநர் வாரியத்துக்குக் காட்டப்பட்டது. படம் முடிந்ததும் அறையில் சத்தமில்லை. ஒருவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக் கொண்டார். வாரியத்தில் மூத்தவரான மைக் மார்க்குலா, வேறு விளம்பர நிறுவனம் தேடலாம் என்று யார் முன்மொழிகிறீர்கள் என்று கேட்டார். தலைமை நிர்வாகி ஜான் ஸ்கல்லி தடுமாறினார். சூப்பர் பௌல் ஆட்டத்துக்காக ஏற்கனவே வாங்கி வைத்திருந்த ஒளிபரப்பு நேரத்தை விற்றுவிடுங்கள் என்று ஷயாட் டேக்கு உத்தரவு போனது. வாங்கியிருந்தது ஓர் அறுபது வினாடியும் ஒரு முப்பது வினாடியும்.

வாரியத்தினர் அறிவிலிகள் அல்லர். மார்க்குலா ஆப்பிளை வளர்த்தெடுத்த முதலீட்டாளர். அவர்கள் பார்த்த இடத்தில் நின்று பார்த்தால் குறை தெரிகிறது. 2,495 டாலருக்கு விற்கப்போகும் கணினி. சுட்டியை நகர்த்தினால் திரையில் படம் நகரும் என்பது அன்றைக்குப் பொதுமக்கள் காணாத அதிசயம். ஒன்பது அங்குலத் திரை, 128 கிலோபைட் நினைவகம், சட்டைப்பையில் அடங்கும் வட்டு. சொல்ல இத்தனை இருக்க, ஒரு பெண் சம்மட்டியோடு ஓடுவதற்கா பணம் என்று கேட்பது பணம் போட்டவர்களின் நியாயம்.

ஆனால் அவர்கள் கேட்டபடி அந்த ஐந்தாறு சிறப்பையும் உள்ளே நுழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொன்றுக்கும் பத்து வினாடி. சுட்டி என்றால் என்ன என்று விளக்குவதற்கே அந்தப் பத்து போதாது. மறுநாள் காலையில் பார்த்தவரிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், ஏதோ கணினி என்பார். விளம்பரத்தில் ஒரே செய்திதான் இருக்கிறதா என்று அறிய இதுவே எளிய வழி. பார்த்தவர் அதை ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். 'அப்புறம்', 'அதோடு' என்ற சொற்கள் வரக் கூடாது. கணினியின் சிறப்புகளுக்கு வேறு இடம் இருந்தது. அதே 1984 நவம்பரில், அதிபர் தேர்தலை ஒட்டி வெளிவந்த 'நியூஸ்வீக்' சிறப்பிதழின் விளம்பரப் பக்கங்கள் அத்தனையையும் ஆப்பிள் வாங்கியது. வாசிப்பவர் தன் வேகத்தில் படிக்கலாம், திருப்பிப் பார்க்கலாம். விவரம் அச்சுக்கு, உணர்வு திரைக்கு என்று பிரித்துக் கொண்டார்கள்.

படம் எப்படித் தப்பியது? விளம்பர நிறுவனத்தின் தலைவர் ஜே ஷயாட் உத்தரவைப் பாதிதான் நிறைவேற்றினார். முப்பது வினாடியை விற்றார். அறுபது வினாடிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். உண்மையில் பெரிதாகத் தேடவே இல்லை என்பது பின்னாளில் வெளிவந்தது. இதற்கிடையே ஜாப்ஸ் படத்தை ஆப்பிளின் மற்றொரு நிறுவனரான ஸ்டீவ் வோஸ்னியாக்கிடம் காட்டினார். ஒளிபரப்புக்கு எவ்வளவு என்று வோஸ்னியாக் கேட்டார். எட்டு லட்சம் டாலர். நீங்கள் பாதி போட்டால் நான் பாதி போடுகிறேன் என்றார் அவர். அதற்கு அவசியம் நேரவில்லை. கடைசி முடிவை ஸ்கல்லி சந்தைப் பிரிவினரிடம் விட்டுவிட்டார். அந்தப் பிரிவின் தலைவர் பில் கேம்பல், கணினித் துறைக்கு வருமுன் பல்கலைக்கழகக் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்றுநராக இருந்தவர். நீண்ட பந்தை வீசிப் பார்த்துவிடலாம் என்று துணிந்தார்.

சூப்பர் பௌலுக்கு முன்பே அது ஒரு முறை ஒளிபரப்பாகிவிட்டது என்பது பலரும் அறியாத செய்தி. 1983 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் என்ற சிற்றூரின் தொலைக்காட்சியில், ஊர் உறங்கிய பிறகு, ஓசைப்படாமல் அதை ஓட விட்டார்கள். அந்த ஆண்டுக்கான விளம்பர விருதுகளுக்கு அனுப்ப வேண்டுமானால் அந்த ஆண்டுக்குள் ஒளிபரப்பாகியிருக்க வேண்டும். 1984இல் கான் விளம்பர விழாவின் தலையாய பரிசு அதற்குக் கிடைத்தது.

ஜனவரி 24ஆம் தேதி மெக்கின்டாஷ் வெளிவந்தது. முதல் நூறு நாள்களில் 70,000க்கும் மேல் விற்றது. அதற்குப் பிறகு விற்பனை படுத்தது. நினைவகம் போதவில்லை, மென்பொருள் சொற்பம். விளம்பரம் கடைக்குக் கூட்டி வந்தது, கடையில் இருந்த பெட்டி அந்த வாக்கை முழுதாகக் காப்பாற்றவில்லை. 1985 செப்டம்பரில் ஜாப்ஸே நிறுவனத்தை விட்டு வெளியேறினார்.

அதே அச்சில் இன்னொன்று

1985 ஜனவரி 20ஆம் தேதி நடந்த அடுத்த சூப்பர் பௌலில் ஆப்பிள் மீண்டும் வந்தது. அதே விளம்பர நிறுவனம். இயக்குநர் ரிட்லியின் தம்பி டோனி ஸ்காட். விற்க வேண்டியது 'மெக்கின்டாஷ் ஆஃபீஸ்' என்ற அலுவலகக் கணினித் தொகுதி. கண்ணைக் கட்டிக்கொண்ட அலுவலக மனிதர்கள், கோட்டும் சூட்டுமாகக் கையில் பெட்டியோடு, ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரிசையாக நடந்து, மலை விளிம்பிலிருந்து ஒவ்வொருவராகக் கீழே விழுகிறார்கள். கடைசியில் ஒருவர் கண்கட்டைத் தூக்கிப் பார்க்கிறார். 'லெமிங்ஸ்' என்று அதற்குப் பெயர். கூட்டமாகப் போய்க் கடலில் விழும் என்று நம்பப்படும் எலி இனம் அது.

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது. ஒரே செய்தி, இருண்ட மனநிலை, கூட்டத்திலிருந்து பிரியும் ஒருவர், முடிவில் வாசகம். விளைவோ நேர்மாறு. முந்தைய படத்தில் பார்ப்பவர் தன்னை அந்தப் பெண்ணோடு சேர்த்து எண்ணிக் கொண்டார். அடக்குபவர் திரையில் உள்ள முகம், வேறு யாரோ. இந்தப் படத்தில் மலையிலிருந்து விழுவது பார்ப்பவரே. ஐ.பி.எம். வாங்கியிருந்த அலுவலக மேலாளர்களிடம்தான் ஆப்பிள் அன்று விற்க வேண்டியிருந்தது. அவர்களைப் பார்த்து நீ குருட்டு எலி என்று சொன்னதுபோல் ஆயிற்று. செய்தி ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது வசை. மனநிலையிலும் சன்னல் திறக்கவில்லை. சாம்பல் நிறத்தில் தொடங்கிச் சாம்பல் நிறத்திலேயே முடிந்தது. போதாக்குறைக்கு, அலுவலகக் கணினிகளை இணைக்கும் கோப்புச் சேவைக் கருவி அன்றைக்கு விற்பனைக்குத் தயாராகவே இல்லை. 1986இல் ஆப்பிள் தன் விளம்பரங்களை வேறு நிறுவனத்திடம் கொடுத்தது. பதினோராண்டு கழித்து, 1997இல், ஜாப்ஸ் திரும்பி வந்த பிறகுதான் லீ கிளௌவின் குழு மறுபடியும் அழைக்கப்பட்டது.

இருபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2004இல் ஆப்பிள் பழைய படத்தை மீண்டும் காட்டியது. ஒரே ஒரு திருத்தம்: கணினி வேலையால் அந்தப் பெண்ணுக்கு ஓர் ஐபாட் அணிவிக்கப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகளாகப் பொருளே காட்டாத படத்தில் கடைசியில் பொருள் நுழைந்தது.

2020 ஆகஸ்ட் 13ஆம் தேதி அதே காட்சி வேறொரு கையில் திரும்ப வந்தது. எபிக் கேம்ஸ் என்னும் விளையாட்டு நிறுவனத்தின் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை ஆப்பிள் தன் செயலிக் கடையிலிருந்து நீக்கியது. விளையாட்டுக்குள் செலுத்தும் பணத்தில் ஆப்பிள் எடுக்கும் முப்பது விழுக்காடு பற்றிய சண்டை அது. அன்றே எபிக் ஒரு சிறு படத்தை வெளியிட்டது. சாம்பல் நிறக் கூடம், வரிசையாக அமர்ந்தவர்கள், ஓடி வரும் ஒரு பெண், வீசப்படும் ஆயுதம். 2020 ஏன் '1984' போல ஆகிவிடக் கூடாது என்ற பொருளில் முடிவு வாசகம். சுவரை நிறைத்த திரையில் பேசிக்கொண்டிருந்த பெரியண்ணனுக்கு மட்டும் இம்முறை மனித முகம் இல்லை. அங்கே இருந்தது ஓர் ஆப்பிள் பழம்.